டத்தோவின் கூண்டு உறைக்கு என்ன விலை

என் கணவர் தயாளன் என்னைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர். ஆனாலும் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட இரண்டரை மணி நேரம் தொடர்ந்து என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. போன சனிக்கிழமை உட்கார்ந்தார். ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், மடியில் ஒரு அட்டை, காதில் பென்சில். எதிரே ஒரு ஸ்டூல் மேல் போனை நிறுத்தி வீடியோ வேறு ஓடிக்கொண்டிருந்தது. நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஏழாவது மாடி, ஜன்னல் ஓரம். என் தலைக்கு மேலே கூண்டில் டத்தோ.

டத்தோ என்பது இங்கே பிரமுகர்களுக்குத் தருகிற பட்டம், இந்த டத்தோ ஒரு புறா. கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்ன உருவம், கழுத்தில் கோடு கோடாக இருக்கும். இங்கே மெர்போக் என்பார்கள். அதன் குரலுக்குப் போட்டி வைப்பார்கள். மைதானத்தில் உயரமான கம்பங்கள் நட்டு, கூண்டுகளைக் கயிற்றில் மேலே இழுத்துவிட்டு, கீழே பெரிய மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்பார்கள். வீட்டில் பெண்டாட்டி பத்துத் தடவை கூப்பிட்டாலும் கேட்காத காதுகள் அவை.

அந்தக் கூண்டுகளுக்கு நான் உறை தைக்கிறேன். வெயில், காற்று, பூனை, இன்னொரு புறாவின் பொறாமைப் பார்வை இவை எதுவும் படாமல் கொண்டுபோக மணி வடிவத்தில் ஒரு துணி உறை. வெளியே மெழுகுச் சாயம் போட்ட பாத்தேக் துணி, உள்ளே கறுப்பு லைனிங், பக்கத்தில் ஜிப், மேலே சுருக்குக் கயிறு, கீழே லேஸ். ஐந்து வருஷமாகத் தைக்கிறேன். விலை இருபத்தைந்து வெள்ளி. ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்கிறோம். யார் வைத்த விலை என்று கேட்டால், நான்தான். எப்படி வைத்தேன் என்று கேட்டால், துணி பன்னிரண்டு வெள்ளி, அதை இரண்டால் பெருக்கி ஒரு வெள்ளி சேர்த்தேன். மொய் எழுதும்போது ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று ஒன்று சேர்ப்போமே, அந்த ராசிக்கு.

இதைச் சொன்னபோது தயாளன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்று ஐயர் மந்திரத்தை மறந்தபோதுகூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

அவர் மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் காஸ்டிங் கிளார்க். ஒரு வாளிக்கு எத்தனை கிராம் பிளாஸ்டிக், எத்தனை விநாடி, எத்தனை சென் மின்சாரம் என்று கணக்குப் போடுவதுதான் வேலை. தினமும் மோட்டாரோடு ஃபெரி ஏறிப் போய் அதைச் செய்துவிட்டு வருகிறார். அந்தத் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். மாதம் ஆயிரத்து எழுநூறு. என் பெயரைச் சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"கட்டாயம் இல்லமா," என்றார். "ஆனா ஒரு மணி நேரத்துக்கு உனக்கு என்ன கிடைக்குதுன்னு பார்ப்போம். அரசாங்கம் சொல்ற குறைஞ்ச சம்பளம் மணிக்கு எட்டு வெள்ளி பதினேழு சென். தையல்ல அது வந்தா தையல். வரலன்னா கிலாங். நியாயமா இல்லையா?"

கிலாங் என்றால் ஆலை. நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் பயந்தேன். கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் ஒரு ஆலையில் நின்றிருக்கிறேன். விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் பஸ். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. ஒன்றுக்குப் போகவும் சூப்பர்வைசரிடம் கையைத் தூக்க வேண்டும். இங்கே என் ஜன்னல், என் மெஷின், என் நாற்காலி. இதை விட எனக்கு மனம் இல்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், ஆயிரத்து எழுநூறு கொடுத்தாலும் மனம் இல்லை. ஆனால் நஷ்டத்தில் நடத்தினால் அது தொழில் இல்லை, வேண்டுதல் என்றார் அவர். பதில் சொல்ல என்னிடம் வாய் இருந்தது, கணக்கு இல்லை.

அந்த வாரம்தான் சீனி முகம்மது பாய் முப்பது உறைக்கு ஆர்டர் கேட்டிருந்தார். ஜார்ஜ் டவுனில் மசாலாக் கடை வைத்திருப்பவர், மெர்போக் சங்கத்தின் தலைவர், டத்தோவின் சொந்தக்காரர். "சங்கத்துக்கே ஒரே மாதிரி கவர் வேணும் சாந்தினிமா, ஞாயித்துக்கிழம கூட்டத்துக்கு வந்து விலையச் சொல்லு," என்றார். ஆக, எல்லாமே அந்த விலையில் வந்து நின்றது.

முதலில் சாமான் கணக்கு. என்னைத் தரையில் உட்காரவைத்து, ஒரு உறையைப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக எழுதினார். ஒன்றரை மீட்டர் பாத்தேக், மீட்டர் எட்டு வெள்ளி, பன்னிரண்டு. லைனிங் மூன்றரை. ஜிப் ஒன்று இருபது. கயிறும் எலாஸ்டிக்கும் ஒரு வெள்ளி. லேஸும் நூலும் ஒன்று முப்பது.

"பத்தொம்பது," என்றார். "வெட்டுத் துண்டு, தப்பா வெட்டுனது, எல்லாத்துக்கும் அஞ்சு சதவீதம். இருபதுன்னு வச்சிக்க."

"நான் தப்பா வெட்ட மாட்டேன்."

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே பாத்திரம் துடைக்கிற துணி எல்லாமே பாத்தேக். இருபது என்றே எழுதச் சொன்னேன்.

அடுத்தது மாதச் செலவு. தைத்தாலும் தைக்காவிட்டாலும் போகிற காசு என்றார். மெஷின் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி, ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் முப்பது. எண்ணெய், ஊசி, சர்வீஸ் பன்னிரண்டு. மின்சாரம் பதினெட்டு. போனில் என் பங்கு பதினைந்து. துணி வாங்கப் போய்வரும் பெட்ரோல் இருபத்தைந்து. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேசை வாடகை வாரம் இருபது, நாலு வாரம் எண்பது. மொத்தம் நூற்றெண்பது. மாதம் முப்பது உறை தைக்கிறேன். உறைக்கு ஆறு.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவாரே, அந்த மாதிரி.

"சாமான் இருபது, செலவு ஆறு. இருபத்தாறு. நீ விக்கிறது இருபத்தஞ்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல. நீ ஒவ்வொரு கவருக்கும் ஒரு வெள்ளி கையிலேர்ந்து குடுத்து, தைச்சும் குடுத்திருக்க."

ஐந்து வருஷம். மாதம் முப்பது. நான் பெருக்கிப் பார்க்கவில்லை, பெருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து போய் மோர் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, அதனால் தயாளன் மேல் கோபப்பட்டேன். அதற்குத்தானே இருக்கிறார்.

கடைசியாக நேரக் கணக்கு. அதற்குத்தான் அந்த ஸ்டாப்வாட்ச். வெட்டத் தொடங்கினேன். அவர் 'க்ளிக்' என்று அமுக்கினார். ஒருவர் உற்றுப் பார்க்கும்போது கத்தரிகூட ஒழுங்காகப் போகாது. நான் தும்மினேன். "தும்மல்," என்று எழுதினார்.

"அதையுமா எழுதுவீங்க?"

"அலவன்ஸ்லே வரும். நீ தைச்சிக்கிட்டே இரு."

ஆனால் தைத்துக்கொண்டே இருக்க விட்டால்தானே? டத்தோ மூன்று நாளாக என் வீட்டில். இது பாய் உண்டாக்கிய வழக்கம். உறை தைக்கக் கொடுத்தால் கூண்டோடு புறாவையும் கொடுத்துவிடுவார். புதுத் துணியின் வாசம் மூன்று நாள் பழகினால்தான் உறைக்குள் அது மிரளாமல் இருக்குமாம். அவரைப் பார்த்துச் சங்கத்தில் எல்லோரும் அப்படியே செய்யத் தொடங்கிவிட்டார்கள். நான் தினை போட வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், தட்டுக்குப் பேப்பர் விரிக்க வேண்டும், காலை வெயிலுக்கு நகர்த்த வேண்டும், மத்தியான வெயிலுக்குத் திரும்ப நகர்த்த வேண்டும். அத்தனையும் இலவசம்.

நான் எழுந்தால் அவர் ஸ்டாப்வாட்சை நிறுத்துவார். உட்கார்ந்தால் ஓட்டுவார். இடையில் ஒரு தடவை அட்டையில் எதையோ நீளமாக எழுதினார்.

"என்ன எழுதுறீங்க?"

"மெஷின் ஓடுனா டத்தோ கூவுது. மெஷின் நின்னா அதுவும் நின்னுடுது. ஒம்பது தடவை பார்த்துட்டேன்."

"இங்க நான் வயித்தெரிச்சல்ல இருக்கேன், உங்களுக்குப் புறா கணக்கு கேக்குதா?"

"கண்ணுல பட்டத எழுதணும்மா. எது எப்ப வேணும்னு தெரியாது," என்றார், வாளிக்குக் கணக்குப் போடுகிற அதே சாந்தத்துடன்.

முடிந்தபோது கடிகாரப்படி இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். அதைப் பிரித்தார். வெட்ட இருபத்திரண்டு, துண்டுகளை இணைக்க நாற்பத்தெட்டு, ஜிப் பதினாலு, அடி மடிப்பும் லேஸும் பதினெட்டு, இஸ்திரி எட்டு. நூற்றுப்பத்து. அதன் மேல் முதுகு நிமிர்த்த, பாபின் மாற்ற, தண்ணீர் குடிக்க, தும்ம, பத்து நிமிடம் அலவன்ஸ். சரியாக இரண்டு மணி. மீதி முப்பத்தைந்து நிமிடம் டத்தோவுக்கு.

"அதையும் கவர் விலையில போடுங்க," என்றேன்.

"போடக்கூடாது. கவர் வாங்குற எல்லாரும் புறாவைக் கொண்டாந்து விடுறாங்களா? சந்தையில வாங்குறவன் விடல. அவன் தலையில பாயோட புறாவக் கட்டலாமா? அது தனி வேலை, தனி விலை."

சரி என்றேன். மனிதர் பேசினால் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் தப்பாக இருக்காது. மணிக்குப் பத்து வெள்ளி என்று வைத்தோம். எட்டு பதினேழு என்பது புதிதாகச் சேர்கிறவருக்கு, ஐந்து வருஷக் கைக்குப் பத்து என்று அவரே சொன்னார், அதில் கொஞ்சம் அழுகை நின்றது. இரண்டு மணிக்கு இருபது. சாமான் இருபது, செலவு ஆறு. நாற்பத்தாறு. பத்து சதவீதம் லாபம், நாலு அறுபது. ஐம்பது வெள்ளி அறுபது சென்.

"ஐம்பத்தொண்ணு," என்றேன்.

"அந்த நாப்பது சென்ன எந்தக் கட்டத்துல போடுறது?"

"ராசி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பென்சிலை எடுத்து, தாளின் கடைசியில் 'ராசி, 0.40' என்று எழுதினார். அன்றைக்கு அவர் எனக்காகச் செய்த பெரிய தியாகம் அதுதான்.

புறாவுக்கும் அதே கணக்கு. நாளைக்கு முப்பத்தைந்து நிமிடம், மணிக்குப் பத்து என்ற அதே விலையில் ஐந்து எண்பத்துமூன்று. தினை ஒன்று இருபது. பேப்பரும் தட்டு கழுவும் மருந்தும் ஒரு வெள்ளி. எட்டு வெள்ளி மூன்று சென். மூன்று சென்னை மன்னித்துவிட்டோம். நாளைக்கு எட்டு.

அன்று சாயங்காலம் பாய் வந்து டத்தோவைப் புது உறையோடு கொண்டுபோனார். விலையை நாளைக் கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, மனிதர் சிரிக்காமலே போனார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம், பாயின் கடை மாடியில். கீழே மிளகாய் அரைக்கிற நெடி, மேலே ஏழு ஆண்கள், ஏழு கூண்டுகள். ஆண்கள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். புறாக்களுக்கு மின்விசிறியின் நேர் கீழே இடம். எங்களுக்கும் ஆளுக்கொரு டீ வந்தது. தயாளன் கணக்குத் தாளை எட்டுப் பிரதி எடுத்து வந்திருந்தார். ஆளுக்கொன்று கொடுத்தார், ஒரு பிரதி அவருக்கு.

எல்லோரும் முதலில் விலையைத் தேடினார்கள். பிறகு பாய் சொன்னார், "அம்பத்தொண்ணா? சாந்தினிமா, நான் கவருக்குத்தான் விலை கேட்டேன். நீ மெஷினையே விக்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது.

சாஹித் என்று ஒருவர், கைப்பேசிக் கடைக்காரர், சங்கத்தின் செயலாளர், போனை நீட்டினார். "ஆன்லைன்ல பதினெட்டு வெள்ளிதான் லா, அக்கா."

"அது எல்லாக் கூண்டுக்கும் ஒரே சைஸ் தம்பி. லைனிங் கிடையாது. வெளிச்சம் உள்ள வரும். போட்டிக்குப் போற வழியிலயே உங்க புறா பாடி முடிச்சிடும்."

சாஹித் போனை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆனால் மற்றவர்கள் வரி வரியாக இறங்கிவிட்டார்கள். ஒருவர் ஜிப் வேண்டாம், ஊக்கு போதும் என்றார். ஒருவர் மின்சாரத்துக்கு ஏன் காசு, பகலில் ஜன்னல் பக்கம் தைக்கலாமே என்றார். நான் ஜன்னல் பக்கம்தான் தைக்கிறேன், மெஷின் சூரியனைப் பார்த்து ஓடாது என்றேன். முப்பது எடுக்கிறோமே, மொத்த விலை கிடையாதா என்று பாய் கேட்டார்.

"துணிக்காரன் குறைச்சா, குறைஞ்சத அப்படியே உங்களுக்குக் குறைக்கிறேன். என் முதுகு முப்பது தைச்சாலும் ஒவ்வொண்ணுக்கும் அதே வலிதான் பாய், அதுக்கு மொத்த விலை கிடையாது."

பாய் தாளில் விரலை ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினார். நான் பயந்த இடம் அதுதான்.

"இந்த உழைப்பு இருபது. இதுதான் ஜாஸ்தி. நீ சும்மா வீட்டுலதானே இருக்க? வேற வேலைக்கா போற? மணிக்கு நாலு வெள்ளி போடு. எட்டு. கவர் முப்பத்தொம்பது. முடிஞ்சது."

ஏழு தலைகள் ஆடின. சும்மா வீட்டில். நான் வாயைத் திறந்தேன். தயாளன் என் காலை மிதித்தார். வாயைத் திறந்தால் மிளகாய் அரைக்கிற மெஷின் சத்தத்தை மிஞ்சிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

"சரி, இது என்ன கீழ? புறா தங்கும் செலவு, நாளைக்கு எட்டு?" என்று பாய் அடுத்த வரிக்குப் போனார். முகம் மாறியது. போச்சு, இதையும் இரண்டு வெள்ளியாக்கிவிடுவார் என்று நினைத்தேன்.

"எட்டுதானா?" என்றார் கவலையுடன். "தினை ஒண்ணு இருபதா? டத்தோவுக்கு நீ என்ன தினை போடுற? எட்டு வெள்ளியில நல்லா பார்த்துக்க முடியுமா? பன்னெண்டு போடு."

"என் புறாவுக்குப் பதினஞ்சு," என்றார் இன்னொருவர்.

"சங்கம்னா எல்லாப் புறாவும் ஒண்ணுதான்," என்று மூன்றாமவர் கோபித்துக்கொண்டார். கைதூக்கி ஓட்டு எடுத்தார்கள். பன்னிரண்டு ஏகமனதாக நிறைவேறியது. யாரும் ஜிப் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தயாளன் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டு எனக்குக் காட்டினார். முப்பத்தொன்பதோடு மூன்று நாளைக்கு முப்பத்தாறு. எழுபத்தைந்து. நாங்கள் கேட்டதே ஐம்பத்தொன்றும் இருபத்துநான்கும், எழுபத்தைந்து. கீழே இன்னொரு வரி: 'தைத்தால் மணிக்கு ஏறத்தாழ நாலு. புறா பார்த்தால் ஏறத்தாழ பதினேழு.'

"ஒத்துக்க," என்று காதில் சொன்னார். "மொத்தம் ஒண்ணுதான். கணக்குப்படி பார்த்தா தைக்கிறத விட்டுட்டு நீ புறா ஹோட்டல் வைக்கலாம்."

எனக்கு வந்த கோபம் அப்படி இப்படி இல்லை. மொத்தம் ஒன்றுதான், ஆனால் எந்தக் கட்டத்தில் எதைப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். தினை போடுகிற கைக்குப் பதினேழு, தைக்கிற கைக்கு நாலு. இரண்டும் என் கைதான். அது மட்டுமில்லை, சந்தையில் புறா இல்லாமல் வந்து கேட்கிறவனுக்கு நான் என்ன சொல்வது? பாயே முப்பத்தொன்பதுக்கு வாங்குகிறார் என்று ஜெலுத்தோங் முழுக்கத் தெரிந்துவிடும். அதன் பிறகு என் மணி நேரம் நாலு வெள்ளிதான், சாகிறவரை. அதற்கு நான் கிலாங்கிலேயே போய் நிற்கலாம், அங்கே எட்டு பதினேழாவது உண்டு.

"வேணாம் பாய்," என்றேன். "புறாவுக்கு எட்டுதான். கவருக்கு ஐம்பத்தொண்ணு. ரெண்டுலயும் என் மணி நேரம் பத்து. புறாவுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை கிடையாது."

"நாங்க கூடக் குடுக்குறோம்னு சொல்றோம், நீ குறைக்கிற, இவ என்ன பிசினஸ் பண்றா?" என்று பாய் தயாளனிடம் முறையிட்டார். "தம்பி, விஷயம் என்னன்னா, அந்த மூணு நாள்தான் முக்கியம். உங்க வீட்டுல டத்தோ பாடுது. எடுக்க வர்றப்பல்லாம் வாசல்லயே கேக்குது, என்னா பாட்டு! நேத்து வீட்டுக்குக் கொண்டாந்தேன். சத்தமே இல்ல. தேன் குடுத்தேன். வெயில் காட்டுனேன். எம்பொண்ணு சுலைஹா பக்கத்துல உட்கார்ந்து விசில்கூட அடிச்சா. வாயத் திறக்கல. உங்க வீட்டுக் காத்துல என்னமோ இருக்கு. அதுக்குத்தான் பன்னெண்டு. துணி யார் வேணா தைக்கலாம்."

மேலே டத்தோ கண்ணை மூடிக்கொண்டு, எல்லாம் உண்மை என்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

அப்போது தயாளன் எழுந்தார். கூட்டத்தில் எழுந்து நிற்கிற ஆள் இல்லை அவர். சட்டைப் பையிலிருந்து நேற்றைய அட்டையை எடுத்தார். "காத்து இல்ல பாய்," என்றார். "ஒம்பது தடவை பார்த்து எழுதியிருக்கேன்."

போனை எடுத்து, சனிக்கிழமை வீடியோவை ஓட்டி, டத்தோவின் கூண்டுப் பக்கம் பிடித்தார். போனிலிருந்து என் மெஷின் சத்தம் கிளம்பியது. டடடடடட.

டத்தோ ஒரு கண்ணைத் திறந்தது. கழுத்தை நீட்டியது. நெஞ்சை ஊதியது. கூவத் தொடங்கியது.

சும்மா கூவல் இல்லை. ஏழு ஆண்களும் டீக் கிளாஸைப் பாதியில் பிடித்தபடி உறைந்துவிட்டார்கள். பாயின் கண் கலங்கியது, சத்தியமாகச் சொல்கிறேன். போனில் மெஷின் நின்றது. டத்தோவும் நின்றது. அந்த அமைதியில், வீடியோவில் என் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "தும்மலயும் எழுதி வைங்க, உங்கள வந்து வச்சிக்கிறேன்!"

திரும்ப மெஷின் ஓடியது. திரும்ப டத்தோ பாடியது.

"அந்த வீடியோவ எனக்கு அனுப்புங்க லா," என்று சாஹித் பறந்துவந்தார். "போன்லயே போட்டுக்கலாம். ஃப்ரீ!"

தயாளன் மறுக்காமல் இன்னொரு முறை ஓட்டினார். டத்தோ கேட்டது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் போனைப் பார்த்தது. அந்தச் சின்ன மண்டைக்குள் என்ன ஓடியதோ, முதுகைத் திருப்பிக்கொண்டு, வாலைப் போனுக்குக் காட்டி உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் தடவை, நாலாம் தடவை, அசையவில்லை.

தயாளன் போனைப் பைக்குள் போட்டார். பிறகு நான்தான் பேசினேன். கத்தவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம்.

"பாய், உங்க டத்தோ தினைக்குப் பாடல. நான் தைக்கிறதுக்குப் பாடுது. நான் சும்மா வீட்டுல இருந்தா அதுவும் சும்மாதான் இருக்கும்."

பாய் தாளை எடுத்து நெடுநேரம் பார்த்தார். வியாபாரி அவர், எங்கே தோற்றோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எதையாவது குறைக்காமல் எழுந்திருக்கக் கால் வரவில்லை. விரல் மேலிருந்து கீழே வந்தது. துணியைத் தாண்டியது, ஜிப்பைத் தாண்டியது, உழைப்பு இருபதில் ஒரு நொடி நின்று, அதையும் தாண்டியது. கடைசி வரியில் நின்றது.

"இந்த ராசி நாப்பது சென் என்ன?"

நான் தயாளனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"அத எடுத்துக்குங்க பாய்," என்றேன்.

ஐம்பது வெள்ளி அறுபது சென். முப்பது உறை. புறாவுக்கு நாளைக்கு எட்டு. பாதிப் பணம் முன்பணம். பாய் மற்றவர்களைப் பார்த்து, "பார்த்தீங்களா, குறைச்சிட்டேன்," என்றார். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். ராசி போனாலும் மணி நேரம் போகவில்லை, எனக்கு அது போதும். படியில் இறங்கும்போது தயாளன் திங்கட்கிழமைக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கவேயில்லை. கீழே வந்ததும் அவராகவே தொழிற்சாலைக்குச் செய்தி அனுப்பினார். அனுப்பிவிட்டு என் ஹெல்மெட்டை அவரே மாட்டிவிட்டார். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மோட்டாரைக் கிளப்பும்போது பாய் மாடியிலிருந்து மூச்சிரைக்க இறங்கி ஓடிவந்தார்.

"சாந்தினிமா! அடுத்த மாசம் போட்டி. உன் மெஷினோட மைதானத்துக்கு வந்துடேன். ஜெனரேட்டர் நான் வச்சிர்றேன். கம்பத்துக்குக் கீழ உட்கார்ந்து மெஷின ஓட்டுனா போதும்."

"எத்தன மணி நேரம் பாய்?" என்று கேட்டார் தயாளன். கை தன்னால் காதிலிருந்த பென்சிலுக்குப் போனது.

"ஒரு மூணு மணி நேரம். பத்துப் பத்து, முப்பது வெள்ளி, சரிதானே? துணிகூட வேணாம். தைக்கவே வேணாம், வெறும் மெஷின். நீ சும்மா உட்கார்ந்திருந்தா போதும்."

நான் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினேன்.

"தைச்சா மணிக்குப் பத்து பாய். நான் சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு விலை ஜாஸ்தி."